விளக்கு எரிகிறது, மனு முடிக்கப்பட்டது

தாலுகா ஆபீசுக்கு எதிர்ச்சாரியில் டி.டி.பி., ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பதினாறு வருடமாக மனு அடித்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்று, தொலைந்துபோன ரேஷன் கார்டு என்று ஒரு நாளைக்கு எப்படியும் இருபது மனு என் விசைப்பலகை வழியாகப் போகும். கடைக்கு என்று ஒரு வழக்கம் உண்டு. வந்ததை வந்தபடி அடிப்பேன். எழுத்துப்பிழை இருந்தால் திருத்துவேன், அவ்வளவுதான். எந்த வரி முன்னால் வர வேண்டும், எது வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தால் ஒரு மனுவுக்கு ஒரு மணி நேரம் ஆகிவிடும். பக்கத்துக்கு இருபது ரூபாய் வாங்குகிறவன் அதைச் செய்தால் கரண்ட் பில்லுக்கே கட்டாது. போதாததற்கு, அவரவர் குறை அவரவர் வாயில் எப்படி வருகிறதோ அப்படி இருந்தால்தான் உண்மையாக இருக்கும் என்று ஒரு நினைப்பும் எனக்கு இருந்தது.

அந்த நினைப்பை ஆட்டிவிட்டது எங்கள் தெரு விளக்கு ஒன்று. 2023-இல் நடந்தது. இன்னும் மனதில் ஓடிக்கொண்டே இருப்பதால் எழுதிவிடுகிறேன்.

எங்கள் தெரு நீளத் தெரு. பாதியில் ஒரு முடக்கு வரும். அந்த முடக்கில் சாக்கடையைத் தாண்ட ஒரு கல்பாலம் உண்டு. அதை ஒட்டினாற்போல் ஒரு மின்கம்பம், அதில் ஒரு மஞ்சள் விளக்கு. தெரு முழுக்க வெள்ளை எல்.இ.டி. மாற்றியபோது எப்படியோ இது ஒன்று மட்டும் பழைய சோடியம் விளக்காகவே நின்றுவிட்டது. முடக்குக்கு அந்தப்பக்கம் ஏழெட்டுத் தறிக்கூடம். எட்டு மணிக்கு ஷிப்டு முடிந்து வருகிற பெண்கள் அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் பஸ் பிடிக்கப் போக வேண்டும். ஆகஸ்ட் மாதம் ஒரு ராத்திரி, மெத்தை வீட்டு அத்தை கடைக்குப் போய்விட்டு வரும்போது அந்தப் பாலத்தில் ஒரு கல் பெயர்ந்து கிடந்தது தெரியாமல் இடறி விழுந்தார். இடது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. மாவுக்கட்டுப் போட்டு ஆறு வாரம்.

மாமா மறு வாரமே நாலு பக்கம் கையால் எழுதிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார். "ஒரு எழுத்து விடாம அடிச்சுக் குடு மாப்ளே" என்றார். ஒரு எழுத்து விடாமல்தான் அடித்தேன். கணினியில் அது இரண்டு பக்கமாக வந்தது. சொந்தத் தெருக்காரர், காசு வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. நாற்பது ரூபாயை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அந்த நாற்பது ரூபாய்தான் பிற்பாடு என்னை உறுத்தியது.

முதல் மனு

அந்த மனு இன்னும் என் கணினியில் இருக்கிறது. பொருள் வரி இப்படி: "பொதுமக்களின் உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு வேண்டி உடனடி நடவடிக்கை கோருதல் தொடர்பாக." அதற்குக் கீழே முதல் பத்தி, மாமா நாற்பது வருடமாகப் பாக்கி இல்லாமல் வீட்டு வரி கட்டி வருவதைப் பற்றி. இரண்டாவது பத்தி, அந்தத் தெரு ஒரு காலத்தில் இருபுறமும் கிளுவை வேலி போட்ட இட்டேரியாக இருந்ததையும், அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு போன அந்தக் காலத்தில்கூட யாரும் விழுந்ததில்லை என்பதையும் பற்றி. மூன்றாவது பத்தியில் நாய், பாம்பு, முடக்கில் பைக்கை நிறுத்திக்கொண்டு நிற்கிற பையன்கள். "தெருவிளக்கு" என்ற சொல் முதல் முதலாக இந்தப் பத்தியில், பதினேழாவது வரியில்தான் வருகிறது. நாலாவது பத்தி முழுக்க அத்தை விழுந்த கதை. அதைப் படித்தால் இப்போதும் தொண்டையை அடைக்கும். ஐந்தாவதில் அதிகாரிகளின் அலட்சியம், கும்பகர்ணத் தூக்கம். கடைசியில் "ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் பணிந்து வேண்டுகிறேன்" என்று முடித்து, அடுத்த வரியிலேயே "தவறும் பட்சத்தில் பொதுமக்களைத் திரட்டிச் சாலை மறியல் நடைபெறும்" என்றும் இருந்தது. பணிந்தபடியே மறியல்!

எங்கள் பக்கத்து ஆட்கள் நேரில் பேசினால் மாட்டைக்கூட 'போங்க, வாங்க' என்பார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கிண்டல் பண்ணுவதுண்டு. பேனாவைக் கையில் எடுத்தால் மட்டும் அதே ஆட்களுக்கு எங்கிருந்துதான் அந்த ஆவேசம் வருமோ தெரியாது. ஒருவேளை, எதிரே ஆள் இல்லை என்பதாலோ என்னவோ.

மனுவோடு ஒரு இணைப்பும் இருந்தது. ராத்திரி எட்டரைக்கு முடக்கில் நின்று மாமா கைபேசியில் எடுத்த படம். ஏ4 தாளில் கலரில் வேண்டும் என்றார். தாள் முழுக்கக் கறுப்பு. இருட்டைப் படம் எடுத்தால் இருட்டுத்தான் வரும். என் பிரிண்டரில் பாதி மை போனதுதான் மிச்சம்.

செப்டம்பர் 4-ஆம் தேதி கொடுத்தார். 21-ஆம் தேதியிட்டு நாலு வரியில் பதில் வந்தது. மனுவில் குறிப்பிட்ட இடம் பணியாளரால் ஆய்வு செய்யப்பட்டது. விளக்கு எரிகிறது. மனு முடிக்கப்பட்டது. அதைப் படித்ததும் மாமாவுக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. "எரியுதாமா! வந்து பாக்காமயே எழுதிட்டானுக மாப்ளே. இந்தத் தடவ முதலமைச்சர், கலெக்டர் எல்லாத்துக்கும் போடோணும்" என்று அடுத்த மனுவை அங்கேயே சொல்ல ஆரம்பித்துவிட்டார். நானும் அடிக்க உட்கார்ந்தேன். வந்ததை வந்தபடி அடிப்பவன்தானே. வந்து பார்க்காமலே எழுதிவிட்டார்கள் என்றுதான் நானும் நினைத்தேன்.

அப்போது அவருடைய பேத்தி, எட்டாவது படிக்கிறவள், கடை வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தாத்தாவுக்காக நின்றிருந்தாள். எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள்: "அது எரியும் அப்புச்சி. நான் டியூசன் போறப்ப எரிஞ்சுட்டுத்தான் இருக்கும். வாரப்பத்தான் இருக்காது."

ஒரு நோட்டும் இரண்டு ராத்திரியும்

மாமாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் ஏழு மணிக்குச் செய்திக்கு உட்கார்ந்தால் எட்டு மணிக்குத்தான் தெருவுக்கு வருவார். நான் கடை அடைத்து வீடு சேர ஒன்பது. பிள்ளை ஆறே கால், ஆறரைக்கு அந்த வழியாகப் போகிறாள். ஒரே விளக்கை மூன்று பேர் மூன்று நேரத்தில் பார்த்திருக்கிறோம். மனுவில் ஏறியது ஒருவர் பார்த்தது மட்டும்தான்.

அக்டோபர் 6-ஆம் தேதி கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு மாமா வீட்டுத் திண்ணையில் ஒரு பழைய பில் நோட்டோடு உட்கார்ந்தேன். திண்ணையிலிருந்து முடக்கு நேராகத் தெரியும். ஆறு பன்னிரண்டுக்குத் தெருவிளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. எங்கள் மஞ்சள் விளக்கு முதலில் மங்கலாக, லேசான ரோஸ் நிறத்தில் வந்து, நாலைந்து நிமிடத்தில் நல்ல மஞ்சளாகத் தெளிந்தது. மாமா பேச்சில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு நாற்பதுக்குச் சட்டென்று அணைந்தது. "பாத்தியா, பாத்தியா" என்று எழுந்தார். ஆறு நிமிடம் கழித்து மறுபடி அதே ரோஸ் நிறத்தில் துளிர்த்து மஞ்சளானது. ஏழு மூன்றுக்கு அணைந்தது. ஏழு ஒன்பதுக்கு வந்தது, ஏழு இருபத்து நாலுக்குப் போனது. எரிகிற நேரம் குறைந்துகொண்டே வருவது நோட்டைப் பார்த்தாலே தெரிந்தது. இரண்டு பக்கத்திலும் இருந்த வெள்ளை விளக்குகள் அசையாமல் எரிந்தன. மறுநாளும் உட்கார்ந்தேன். நிமிடங்கள் கொஞ்சம் முன்பின் இருந்தன. மற்றபடி அதே கதை.

நகராட்சியில் விளக்கு வேலை பார்க்கிற தம்பி ஒருவர் ஜெராக்ஸுக்காக அடிக்கடி கடைக்கு வருவார். அடுத்து வந்தபோது நோட்டைக் காட்டினேன். பார்த்ததுமே சிரித்தார். "பல்பு வயசாயிருச்சுங்ணா. சோடியம் பல்பு கடைசிக் காலத்துல இப்படித்தான் பண்ணும்" என்றார். புதிதாக இருக்கும்போது அந்த பல்புக்குத் தேவையான வோல்ட்டு குறைவு. பழசாக ஆக உள்ளே இருக்கிற சோடியம் குறைந்து, தேவைப்படுகிற வோல்ட்டு ஏறிக்கொண்டே போகும். சூடு பிடித்து முழு வெளிச்சத்துக்கு வந்த பிறகு, சோக்கு கொடுக்கிற அளவு பற்றாமல் அணைந்துவிடும். ஆறினதும் மறுபடி பற்றிக்கொள்ளும். சூடாகும், அணையும். இப்படியே ராத்திரி முழுக்க.

"அப்ப அன்னைக்கு வந்து பாத்தது நீங்கதானுங்களா?" என்றேன்.

அவரேதான். வந்து பார்க்கவில்லை என்று நாங்கள் திட்டிக்கொண்டிருந்த ஆள். பகல் பதினோரு மணிக்கு வந்திருக்கிறார். தெரு முனையில் இருக்கிற பெட்டியில் சுவிட்சைப் போட்டு, வரிசை முழுக்க எரிய விட்டு, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். மொத்தம் ஐந்து நிமிடம், பத்து நிமிடம். அதற்குள் எங்கள் விளக்கு அழகாக மஞ்சளாகி நின்றிருக்கும். "நோட்டுல 'எரியலை'ன்னு இருந்துச்சுங்ணா. எரிஞ்சுது. எரியுதுன்னு எழுதிக் குடுத்தேன். 'அணைஞ்சு அணைஞ்சு எரியுது'ன்னு ஒரு வார்த்தை இருந்திருந்தா ராத்திரில வந்து நின்னு பாத்திருப்பேன்."

எனக்குச் சுருக்கென்றது. அந்த ஒரு வார்த்தை எங்கள் இரண்டு பக்கத்தில் எங்குமே இல்லை. 'இருள் சூழ்ந்து', 'கும்மிருட்டில்', 'ஒளியிழந்து' எல்லாம் இருந்தது.

சரி, இப்போதுதான் தெரிந்துவிட்டதே, மாற்றிவிடுங்கள் தம்பி என்று கேட்டேன். அவர் கையை விரித்தார். ஸ்டோரில் சாமான் எடுக்க ஒரு புகார் நிலுவையில் இருக்க வேண்டும். எங்களுடையது முடித்த புகார். மறுபடி ஒரு காகிதம் உள்ளே வந்தால்தான் ஆகும். போகும்போது இன்னொன்றும் சொன்னார். முதல் மனு அவர் கைக்கு வரவே பத்து நாள் ஆகியிருக்கிறது. தபால் வாங்குகிற இடத்தில் பொருள் வரியைத்தான் பதிவேட்டில் ஏற்றுவார்கள். உள்ளே இருக்கிற கதையை அங்கே யாரும் படிக்க மாட்டார்கள். 'உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு' என்பதைப் பார்த்துவிட்டு, ஏதோ நாய்த்தொல்லை என்று நினைத்து முதலில் சுகாதாரப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்களாம். அங்கே ஒருவர் பதினேழாவது வரி வரைக்கும் பொறுமையாகப் படித்ததால்தான் பொறியியல் பிரிவுக்குத் திரும்பி வந்திருக்கிறது. அந்தப் புண்ணியவான் யாரென்று தெரியாது.

வரிகளை இடம் மாற்றியது

அன்றைக்கு ராத்திரி கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பதினாறு வருடத்தில் முதல் முறையாக ஒரு மனுவை நானாக எழுதினேன். புதிதாக எழுதினேன் என்றுகூடச் சொல்ல முடியாது. இருந்ததை இடம் மாற்றினேன்.

முதலில் பொருள் வரி. பதிவேட்டில் ஏறப்போவது இதுதான் என்றால், ஏணியோடு வருகிறவருக்கு வேண்டியதெல்லாம் இதிலேயே இருக்க வேண்டும். என்ன பொருள், எந்த இடம், என்ன பழுது, என்ன வேண்டும். இடம் எழுதப் போனபோதுதான் கம்பத்து எண் தெரியாது என்பது உறைத்தது. காலையில் போய்ப் பார்த்தால் கம்பத்தில் இரண்டு எண் எழுதுகிற இடம் இருக்கிறது. ஒன்று மின்வாரியத்துடையது, இன்னொன்று நகராட்சி விளக்குக்கு எழுதியது. கம்பமும் கம்பியும் வாரியத்தின் பொறுப்பு, மேலே தொங்குகிற விளக்கு நகராட்சியின் பொறுப்பு. வாரியத்து எண்ணை மட்டும் எழுதினால் நகராட்சி நோட்டில் அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. எங்கள் கம்பத்தில் நகராட்சி எண்ணின் மேல் கண்ணீர் அஞ்சலி, காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று போஸ்டர் அரை அங்குலத் தடிப்புக்கு ஒட்டியிருந்தது. சுரண்டினேன். போஸ்டரோடு எண்ணும் சேர்ந்து உரிந்து வந்துவிட்டது. இந்தப்பக்கக் கம்பத்தில் 14, அந்தப்பக்கம் 16. அதனால் 'பதினான்குக்கும் பதினாறுக்கும் நடுவில் உள்ள கம்பம்' என்று எழுதி, எதிர் வீட்டுக் கதவு எண்ணையும் சேர்த்தேன். இருட்டுப் படத்துக்குப் பதில், பகல் வெளிச்சத்தில் கம்பமும் கல்பாலமும் தெரிகிற மாதிரி ஒரு படம்.

அப்புறம் பழுது. 'எரியவில்லை' என்பதை எடுத்துவிட்டு, நோட்டில் இருந்த நேரங்களைப் போட்டேன். பல்பு போய்விட்டது, அதை மாற்றுங்கள் என்று எழுதக் கை துறுதுறுத்தது. எழுதவில்லை. அந்தத் தம்பி சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஆனால் இணைப்பு லூசாக இருந்தாலும் விளக்கு விட்டுவிட்டு எரியும். நான் பார்த்தது விளக்கு அணைவதை மட்டும்தான், காரணத்தை இல்லை. காரணத்தை நான் எழுதி அது தப்பாகப் போனால், பல்பை மட்டும் மாற்றிவிட்டு இன்னொரு முறை 'மனு முடிக்கப்பட்டது' என்று வரும். பார்த்ததை எழுதினால் போதும். காரணம் ஏணியில் ஏறுகிறவர் வேலை. இருபக்க விளக்குகளும் ஒழுங்காக எரிவதை மட்டும் மறக்காமல் எழுதினேன். எல்லா விளக்குக்கும் ஒரே கம்பி, ஒரே பெட்டி. வரிசை மொத்தமும் போனால் கோளாறு பெட்டியிலோ கம்பியிலோ இருக்கும். ஒன்று மட்டும் போனால் அந்தக் கம்பத்தோடு நிற்கும். எதை எடுத்துக்கொண்டு வருவது என்று முடிவு பண்ண அவருக்கு இந்த ஒரு வரி போதும்.

மரியாதையைப் பற்றித்தான் அதிக நேரம் யோசித்தேன். 'தாழ்மையுடன் பணிந்து' என்பதை எடுத்தேன். மறியலையும் எடுத்தேன். கும்பகர்ணனை எழுப்பி அனுப்பிவிட்டேன். ஆனால் சொற்களை மாற்றினால் மட்டும் மரியாதை வந்துவிடாது என்று பட்டது. அந்தத் தம்பி வந்து பார்த்தது நிஜம், எரிகிறது என்று எழுதியதும் நிஜம். அதைப் பொய் என்று நாங்கள் எழுதினால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார். எழுதிய பதிலை யாரும் லேசில் திருத்தமாட்டார்கள். அதனால் அவர் சொன்னதை ஒத்துக்கொண்டே ஆரம்பித்தேன். 'ஆவன செய்யுமாறு' என்பதையும் விட்டேன். அது கேட்க இதமாக இருக்கும், ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று அதில் எதுவும் இல்லை.

பெறுநர் ஒரே ஒருவர். முதலமைச்சருக்கும் கலெக்டருக்கும் போடுவது தப்பில்லை. போட்டாலும் அது மேலே இருந்து கீழே இறங்கி, கடைசியில் இதே பொறியியல் பிரிவு மேசைக்குத்தான் அறிக்கை கேட்டு வரும். ஒரு விளக்குக்கு அது சுற்றுவழி. இது நடக்காவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று மாமாவிடம் சொல்ல நினைத்தேன்.

ஊர், பேர், வார்டு நீக்கி அதை இங்கே தருகிறேன்.

> பெறுநர்: ஆணையர், நகராட்சி அலுவலகம். (கவனத்துக்கு: பொறியியல் பிரிவு, தெருவிளக்கு)
>
> பொருள்: தெருவிளக்குப் பழுது – எங்கள் தெரு முடக்கு, கம்பம் 14-க்கும் 16-க்கும் நடுவில் உள்ள கம்பம் – விளக்கு அணைந்து அணைந்து எரிதல் – சரிசெய்து தரக் கோருதல் தொடர்பாக.
>
> பார்வை: 1. எனது மனு, நாள் 4.9.2023. 2. தங்கள் அலுவலகப் பதில், நாள் 21.9.2023.
>
> ஐயா, வணக்கம்.
>
> மேற்கண்ட கம்பத்தில் உள்ள விளக்கு, தங்கள் பணியாளர் பகலில் வந்து பார்த்தபோது எரிந்தது சரியே. எனது முந்தைய மனுவில் பழுதைச் சரியாகக் குறிப்பிடவில்லை. இந்த விளக்கு மாலையில் எரியத் தொடங்கி, சுமார் அரை மணி நேரத்தில் தானாக அணைந்துவிடுகிறது. சில நிமிடங்கள் கழித்து மீண்டும் எரிந்து, மீண்டும் அணைகிறது.
>
> 6.10.2023 அன்று பார்த்த நேரம்: மாலை 6.12 எரிந்தது, 6.40 அணைந்தது, 6.46 எரிந்தது, 7.03 அணைந்தது, 7.09 எரிந்தது, 7.24 அணைந்தது. மறுநாளும் இதே நிலை. இருபுறமும் உள்ள விளக்குகள் ஒழுங்காக எரிகின்றன.
>
> விளக்கின் கீழே சாக்கடைக் கல்பாலம் உள்ளது. 19.8.2023 இரவு 8 மணி அளவில், விளக்கு அணைந்திருந்தபோது, என் மனைவி இந்தப் பாலத்தில் இடறி விழுந்து இடது மணிக்கட்டு எலும்பு முறிந்தது.
>
> எனவே, மாலை 6.30 மணிக்கு மேல் பணியாளர் ஒருவரை அனுப்பி, அரை மணி நேரம் பார்வையிடச் செய்து, விளக்கைச் சரிசெய்து அல்லது மாற்றித் தருமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். இடத்தைக் காட்ட நான் உடன் இருப்பேன். என் கைபேசி எண் மேலே உள்ளது.
>
> இணைப்பு: கம்பமும் பாலமும் தெரியும் பகல்நேரப் படம் 1, பார்வை 2-இல் கண்ட பதிலின் நகல்.

நாலாவது பத்தி

மறுநாள் மாமா வந்து படித்தார். கண்ணாடியை ஏற்றி இறக்கி இரண்டு தரம் படித்தார். வரி கட்டிய கதை போனதற்கு ஒன்றும் சொல்லவில்லை. இட்டேரி போனதற்கு லேசாக உச்சுக்கொட்டினார். முதல் பத்தியில் 'சரியாகக் குறிப்பிடவில்லை' என்ற இடத்தில் விரலை வைத்து, "தப்பு நம்மளுதுன்னா எழுதறே?" என்றார். கொஞ்சம் நம்மளுதும்தானுங்க மாமா என்றேன். செரி என்று விட்டுவிட்டார். அத்தை விழுந்த வரிக்கு வந்தபோது நின்றுவிட்டார்.

அவர் எழுதியிருந்ததில் அது ஒரு முழுப் பத்தி. பேத்திக்கு வாங்கிய முட்டாய்ப் பொட்டணம் சாக்கடையில் விழுந்தது, தறிக்கூடத்துப் பெண்கள் தூக்கி உட்கார வைத்தது, கட்டுப் போட்ட கையோடு அத்தை ஒரு கையால் தோசை ஊற்றப் பார்த்தது, கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில் முதல் முறையாக மாமா அடுப்படிக்குள் போனது. எல்லாம் அதில் இருந்தது. என்னுடையதில் தேதி, மணி, மணிக்கட்டு.

"இவ்வளவுதானா மாப்ளே?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. படிக்கிறவருக்கு நேரம் இல்லை, ஒரு வரியாக இருந்தால் கட்டாயம் படிப்பார், பத்தியாக இருந்தால் தாண்டிவிடுவார் என்று ஏதோ சொன்னேன். சொன்னது சரிதான். ஆனாலும் அத்தையின் கையை நான் ஒரு வரிக்கு மடக்கி வைத்துவிட்டது போலத்தான் இருந்தது. அதைத் துண்டாக எடுத்துவிடலாம், விளக்குக்கு அது தேவையில்லை என்றுகூட முந்தின ராத்திரி ஒரு கணம் யோசித்திருந்தேன். எடுக்காமல் விட்டதற்குக் காரணம், அது மட்டும்தான் அந்த மனுவில் 'ஏன்' என்பதற்குப் பதில். நாய், பாம்பு எல்லாம் வரலாம் என்கிற பயம். இது நடந்தது. அவர் கொஞ்ச நேரம் வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு பிரதி எடுத்தோம். ஒன்று கொடுக்க, இன்னொன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ள. முத்திரை வாங்காத மனு கொடுக்காத மனுவுக்குச் சமம். இதை மட்டும் முன்பிருந்தே எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். அக்டோபர் 9-ஆம் தேதி உள்ளே போனது. 13-ஆம் தேதி சாயங்காலம் ஆறே முக்காலுக்கு அந்தத் தம்பியும் இன்னொருவரும் ஏணி வண்டியோடு வந்தார்கள். வந்ததும் ஏறவில்லை. மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அத்தை கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழு ஐந்துக்கு அது அணைந்தது. "இருங்க, வரட்டும்" என்றார் தம்பி. ரோஸ் நிறத்தில் மறுபடி துளிர்த்த பிறகுதான் எழுந்து போய்ப் பெட்டியை அணைத்துவிட்டு ஏறினார்கள். சோடியம் பல்பு ஸ்டோரில் இல்லை என்பதால் விளக்கையே கழற்றிவிட்டு 20 வாட் எல்.இ.டி. ஒன்று மாட்டினார்கள். இறங்கியதும் பெயிண்ட் டப்பாவைத் திறந்து கம்பத்தில் 15 என்று எழுதினார் தம்பி.

பாலத்துக் கல் இப்போது நன்றாகத் தெரிகிறது. ஆனால் வெளிச்சம் முன்னைப்போல் பரவவில்லை. முடக்கின் எதிர்ப்பக்கம் கொஞ்சம் மங்கல்தான். "நெலாவாட்டம் வெள்ளையா இருக்குது, பழசு வீசுன மாதிரி வீசல" என்று மாமாவுக்கு ஒரு குறை. பெயர்ந்த கல் இன்னும் அப்படியே இருக்கிறது. அது வேறு மனு, வேறு மேசை.

கடையில் இப்போதும் பெரும்பாலும் வந்ததை வந்தபடிதான் அடிக்கிறேன். பொருள் வரியை மட்டும் வாய்விட்டுப் படித்துக் காட்டி, "இதுல எந்த எடம்னு இல்லைங்களே" என்று கேட்கிறேன். சிலர் மாற்றச் சொல்கிறார்கள். சிலர் உனக்கு எதற்கு அதெல்லாம் என்கிறார்கள்.

தீபாவளி கழிந்து ஒரு நாள் மாமா வந்தார். அந்த முதல் மனு கணினியில் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். இருக்குதுங்க என்றேன். நாலாவது பத்தியை மட்டும் எடுத்து ஒரு தாளில் அடித்துத் தரச் சொன்னார். யாருக்குங்க மாமா, பெறுநர் போடோணுமா என்றேன்.

"ஒண்ணும் போட வேண்டாம். எழுத்து மட்டும் கொஞ்சம் பெருசா வெச்சுக் குடு. அவளுக்குக் கண்ணாடி இல்லாம படிக்க வராது."